நெய்யின் தூய்மை: உள்ளங்கை சொல்வதும் ஆய்வகம் சொல்வதும்

2024 செப்டம்பர் 18 அன்று ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, திருப்பதி லட்டுக்கு வந்த நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்ததாகச் சொன்னார். குஜராத்தின் ஆனந்த் நகரில் தேசிய பால்வள வாரியம் நடத்தும் ஆய்வகம் ஜூலை மாதமே தந்திருந்த அறிக்கை உடனே வெளியில் வந்தது. அந்த நெய்யை அனுப்பியது திண்டுக்கல்லைச் சேர்ந்த நிறுவனம் என்பதால் தமிழ்நாட்டிலும் பேச்சு பரவியது. வீட்டு நெய்யை உள்ளங்கையில் தேய்த்தும், தண்ணீரில் விட்டும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தும் பார்க்கச் சொல்லும் காணொளிகள் வீடுதோறும் சுற்றின. ஒரு பக்கம் ஆய்வக அறிக்கையை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். மறுபக்கம் உள்ளங்கையையே ஆய்வகமாக்கிக்கொண்டார்கள். இரண்டையும் ஆற அமரப் பரிசீலிக்க வேண்டும். வீட்டுச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? ஆய்வக எண் எதை நிரூபிக்கும், எந்த இடத்தில் நின்றுவிடும்?

முதலில் வீட்டுச் சோதனைகள்.

அதிகம் பரிந்துரைக்கப்படுவது உள்ளங்கைச் சோதனை. ஒரு துளி நெய்யைக் கையில் வைத்தால் உருக வேண்டும், உருகினால் சுத்தம் என்கிறார்கள். நெய்யில் இருப்பது ஒரே ஒரு கொழுப்பு அல்ல. பல வகைக் கொழுப்புகள் சேர்ந்த பொருள் என்பதால் 28 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு மேல் வரை அது கொஞ்சம் கொஞ்சமாக இளகும். கையின் சூடு 33, 34 டிகிரி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும், பாமோலின் சாதாரண வெப்பத்திலேயே எண்ணெயாக நிற்கும். ஆகவே இவை கலந்த நெய் சுத்தமான நெய்யைவிட வேகமாகக் கையில் உருகும். மார்கழிக் குளிரில் கெட்டியாக உறைந்த நல்ல எருமை நெய்யோ சற்று நேரம் எடுக்கும். அதாவது இந்தச் சோதனையில் கலப்படம் முந்திக்கொண்டு தேறுகிறது.

அடுத்தது குளிர்சாதனப் பெட்டிச் சோதனை. உருக்கிய நெய்யைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்தால், கலந்திருக்கும் எண்ணெய் தனி அடுக்காகப் பிரியும் என்பது நம்பிக்கை. எண்ணெயும் நெய்யும் ஒன்றில் ஒன்று முழுதாகக் கரைபவை. தண்ணீரும் எண்ணெயும் பிரிவதுபோல் இவை பிரிவதில்லை. மறுபுறம், சுத்தமான நெய்யே மெல்ல ஆறும்போது மணல்மணலான பகுதி அடியிலும் மஞ்சள் எண்ணெய் மேலுமாகப் பிரியும். ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி வீட்டில் காய்ச்சுபவர்கள் அதைத் தினமும் பார்க்கிறார்கள். உருகும் நிலை உயர்ந்த கொழுப்புகள் முதலில் படிகமாவதால் இப்படி நடக்கிறது. காணொளியை நம்பி அந்த நெய்யைக் கொட்டுபவர் நல்ல நெய்யைத்தான் கொட்டுகிறார். மணல்மணலாக இருப்பது தூய்மைக்குச் சாட்சி என்ற எதிர்வாதமும் நிற்காது. வனஸ்பதியையும் அப்படி மணல் பதத்தில் உறைய வைக்க முடியும்.

தண்ணீரில் மிதக்கிறதா என்பது சோதனையே அல்ல. எல்லாக் கொழுப்பும் எண்ணெயும் தண்ணீரில் மிதக்கும். அயோடின் விட்டு நீலமாகிறதா என்று பார்ப்பது உண்மையான சோதனை, ஆனால் அது காட்டுவது மாவுச்சத்தை மட்டுமே. உருளைக்கிழங்கு அல்லது சேனைக்கிழங்கு மசியல் கலந்திருந்தால் தெரியும். பாமாயிலோ மாட்டுக் கொழுப்போ இருந்தால் அயோடின் நிறம் மாறாது. இன்று கலப்படம் செய்பவர் எவரும் கிழங்கு மசியலை நம்பித் தொழில் நடத்துவதில்லை.

மணம் என்ற அளவுகோலும் ஏமாற்றும். முருங்கைக்கீரை போட்டுக் காய்ச்சிய நெய்யின் வாசனை நமக்குப் பழக்கம். ஆனால் நெய்யின் மணத்தைத் தருபவை மிகச் சிறிய அளவில் இருக்கும் சில பொருள்கள்தாம். 80 பங்கு நல்ல நெய்யோடு 20 பங்கு வேறு கொழுப்பைச் சேர்த்தால் மூக்கு அதைப் பிடிக்காது. மணமூட்டியும் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். மணத்தால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: நெய் காறலெடுத்துவிட்டதா என்பதை. அது பழசு என்பதற்குச் சாட்சி, கலப்படத்துக்குச் சாட்சி ஆகாது.

இந்தக் கூட்டத்தில் வேற்றுக் கொழுப்பைக் காட்டும், விஞ்ஞான அடிப்படை உள்ள ஒரே சோதனை அமிலமும் சர்க்கரையும் சேர்த்துச் செய்வது. உருக்கிய நெய் ஒரு தேக்கரண்டி, அதே அளவு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு சிட்டிகை சர்க்கரை. ஒரு நிமிடம் குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தால், வனஸ்பதி இருக்கும்பட்சத்தில் அடியிலுள்ள அமில அடுக்கு சிவக்கும். ஆய்வகம் செய்யும் பொடுவான் சோதனையின் எளிய வடிவம் இது. அங்கே சர்க்கரைக்குப் பதில் ஃபர்ஃப்யூரால் கரைசல் சேர்ப்பார்கள்.

ஏன் சிவக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இதன் எல்லையும் தெரிந்துவிடும். சிவப்பு நிறம் வனஸ்பதியால் வருவதில்லை, நல்லெண்ணெயிலுள்ள ஒரு பொருளால் வருகிறது. நெய்யில் வனஸ்பதி கலந்தால் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே, வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் வைத்தது. மிக நல்ல ஏற்பாடு அது. ஆனால் நேர்மையாக நல்லெண்ணெய் சேர்த்துத் தயாரித்த வனஸ்பதியை மட்டுமே இந்தச் சோதனை பிடிக்கும். பாமாயிலுக்கும் பாமோலினுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. விலங்குக் கொழுப்பில் நல்லெண்ணெய் எங்கிருந்து வரும்? இவற்றைக் கலந்தால் அமிலம் சிவக்காது. எதிர்ப்பக்கத்திலும் பிழை உண்டு. நல்லெண்ணெய் அளந்த அகப்பையிலேயே கடைக்காரர் நெய்யையும் அளந்திருந்தால் சுத்த நெய்யும் சிவக்கலாம். சில சாயங்கள் அமிலம் பட்டாலே சிவக்கும். ஆகவே சிவந்தால் சந்தேகிக்கலாம், சிவக்காவிட்டால் எதையும் முடிவு செய்ய முடியாது. இதற்காக அடர் அமிலத்தைச் சமையலறைக்குள் கொண்டுவருவதும் தகாது. அதன் ஆவி கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும்.

இப்போது ஆய்வகத்துக்குள் போவோம்.

நெய்ப் பரிசோதனையின் முதுகெலும்பு ரைகர்ட்-மைசல் எண். சுருக்கமாக ஆர்.எம். எண் என்பார்கள். பால் கொழுப்பில் மட்டும் குறிப்பிடத்தக்க அளவில் இருப்பது பியூட்டிரிக் அமிலம். தாவர எண்ணெயிலோ விலங்கின் உடல் கொழுப்பிலோ அது இல்லை. ஆவியாகி, நீரில் கரையும் தன்மை கொண்டது. இந்தப் பண்பை வைத்தே சோதனை அமைகிறது. நெய்யை முழுதாக உருக்கிக் கலக்கி, சரியாக 5 கிராம் எடை போடுவார்கள். மேலே நிற்கும் எண்ணெயை மட்டும் எடுத்தால் எண் மாறிவிடும் என்பதால் முழுதாக உருக்குவது முக்கியம். கிளிசரால் சேர்த்த சோடாக் கரைசலோடு சூடாக்கினால் கொழுப்பு சோப்பாகும். அதில் நீர்த்த கந்தக அமிலம் விட்டால் கொழுப்பு அமிலங்கள் விடுபடும். பிறகு வாலை வடிப்பு. சுமார் இருபது நிமிடத்தில் 110 மில்லி வடிய வேண்டும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் விடை பிழைக்கும். வடிந்ததைக் குளிர்வித்து வடிகட்டி, 100 மில்லியை எடுத்து, சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு இளஞ்சிவப்பு நிறம் நிற்கும் இடத்தைக் குறிப்பார்கள். செலவான சோடாவின் அளவை மொத்த 110 மில்லிக்கும் கணக்கிட்டால் வருவதே ஆர்.எம். எண். வடிதாளில் தங்கிய, நீரில் கரையாத அமிலங்களைத் தனியே அளந்தால் அது பொலன்ஸ்கி எண்.

அக்மார்க் தரம் பொதுவாகக் கேட்கும் ஆர்.எம். எண் குறைந்தது 28. பருத்திக்கொட்டைத் தீவனம் அதிகமுள்ள பகுதிகளுக்கு அதைவிடக் குறைந்த எண் ஏற்கப்படுகிறது. பாமாயில், சூரியகாந்தி எண்ணெய், மாட்டுக் கொழுப்பு ஆகியவற்றின் எண் ஒன்றைக்கூடத் தொடாது.

இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். எருமை நெய்யின் ஆர்.எம். எண் 32 என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்துக்கு ஒரு பங்கு பாமாயிலைக் கலந்தால் எண் 28.8க்கு இறங்கும். 28 என்ற கோட்டைத் தாண்டித் தேறிவிடும். இன்னொரு பக்கம், ஒரு சொட்டும் கலக்காத பசு நெய், பசுவின் தீவனத்தாலும் கறவைப் பருவத்தாலும் 26ல் நின்று தோற்கக்கூடும். கலப்படம் தேறி, கலப்பில்லாதது தோற்பது இப்படித்தான். இயற்கையிலேயே ஏற்ற இறக்கம் உள்ள ஒரு பண்புக்குக் கோடு கிழித்தால் இந்தச் சிக்கலைத் தவிர்க்க முடியாது. எண் இயல்பாகவே உயர்ந்திருக்கும் நெய்யில் கலப்படத்துக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

அதனால்தான் ஆய்வகம் ஒரே எண்ணோடு நிற்பதில்லை. ஒளி நெய்யில் எவ்வளவு வளைகிறது என்பதை அளக்கும் பி.ஆர். அளவு உண்டு. நெய்க்கு 40 டிகிரியில் அது 40 முதல் 44 வரை இருக்க வேண்டும். கலப்படக்காரருக்கும் இது தெரியும். தேங்காய் எண்ணெயின் பி.ஆர். அளவு 35ஐ ஒட்டியது, பாமோலினுடையது 50ஐ ஒட்டியது. இரண்டையும் சம பங்கு சேர்த்தால் 42க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அச்சு அசல் நெய்யின் அளவு. இந்தக் கலவையை நெய்யில் 20 சதவீதம் சேர்த்தால் பி.ஆர். அளவு அசையாது. ஆனால் பொலன்ஸ்கி எண் காட்டிக்கொடுத்துவிடும். நெய்யில் அது 2க்குள் இருக்க வேண்டும், தேங்காய் எண்ணெயில் 13க்குக் குறையாது. பத்து சதவீதத் தேங்காய் எண்ணெய் சேர்ந்தாலே இரண்டரைக்கு ஏறிவிடும். ஆர்.எம். எண்ணும் 24, 25க்கு இறங்கும். ஒரு எண்ணைச் சரிக்கட்டினால் இன்னொன்று பிசகும். ஆய்வகத்தின் பலம் இந்தப் பொருத்தம் பார்ப்பதில்தான் இருக்கிறது.

ஆர்.எம். எண்ணையே செயற்கையாக உயர்த்த முடியாதா? முடியும். அசெட்டிக் அமிலம் அல்லது பியூட்டிரிக் அமிலம் பிணைந்த எஸ்டர்களைச் சேர்த்தால், வடிப்பில் அந்த அமிலமும் வந்து எண்ணை உயர்த்திவிடும். அங்கே பழைய சோதனைகள் கைவிரிக்கும், வாயு குரோமட்டோகிராபி கைகொடுக்கும். அது கொழுப்பு அமிலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும். ஆர்.எம். எண் உயர்ந்திருந்தும் பியூட்டிரிக் அமிலம் குறைவாக இருந்தால் வேறு அமிலம் வெளியிலிருந்து வந்திருக்கிறது என்று பொருள். பியூட்டிரிக்கே சேர்த்திருந்தால், அதோடு இயல்பாக வரவேண்டிய கேப்ராயிக் போன்ற அமிலங்களுடன் விகிதம் பொருந்தாது. தாவரக் கலப்பை உறுதிசெய்ய இன்னொரு நேரடி வழியும் உண்டு. பீட்டா சிட்டோஸ்டீரால் தாவரக் கொழுப்புக்கு உரியது, பால் கொழுப்புக்கு உரியது கொலஸ்டிரால். நெய்யில் பீட்டா சிட்டோஸ்டீரால் தெளிவாகத் தெரிந்தால் அங்கே தாவர எண்ணெய் இருக்கிறது.

விலங்குக் கொழுப்பு இதையெல்லாம்விடக் கடினமான வழக்கு. அதில் நல்லெண்ணெய் இல்லை, ஆகவே நிறம் மாறாது. அதிலும் கொலஸ்டிரால்தான் இருப்பதால் பீட்டா சிட்டோஸ்டீரால் சோதனையும் உதவாது. சிறிய அளவில் கலந்தால் பி.ஆர். அளவும் பெரிதாக நகராது. மரபணுச் சோதனையைச் சிலர் கேட்கிறார்கள். காய்ச்சி வடித்த கொழுப்பில் மரபணு மிகக் குறைவாகவே எஞ்சும். எஞ்சினாலும் மாட்டுக் கொழுப்பின் மரபணுவும் பசு நெய்யின் மரபணுவும் ஒரே இனத்துடையவை. பன்றி என்றால் பிரித்தறியலாம், மாடு என்றால் இயலாது.

இந்த இடத்தில்தான் திருப்பதி அறிக்கையில் வந்த எஸ் எண் வருகிறது. ஐ.எஸ்.ஓ. 17678 என்ற சர்வதேச முறை அது. கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியே பார்க்காமல், அவை மூன்று மூன்றாகப் பிணைந்திருக்கும் டிரைகிளிசரைடுகளின் அமைப்பை அளக்கும். அளந்த விகிதங்களை ஐந்து சமன்பாடுகளில் இடுவார்கள். சோயா, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களுக்கு ஒன்று, தேங்காய் எண்ணெய்க்கும் பாம் கர்னல் எண்ணெய்க்கும் ஒன்று, பாமாயிலுக்கும் மாட்டுக் கொழுப்புக்கும் சேர்த்து ஒன்று, பன்றிக் கொழுப்புக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. சுத்தமான பால் கொழுப்பில் ஐந்து விடைகளும் 100ஐ ஒட்டி நிற்கும். பன்றிக் கொழுப்புச் சமன்பாட்டுக்கு அனுமதித்த வரம்பு 97.96 முதல் 102.04 வரை. திருப்பதி மாதிரிகளில் அது 116ஐத் தாண்டியது. பாமாயில், மாட்டுக் கொழுப்புச் சமன்பாட்டின் விடையோ 100ஐ விட்டு வெகுவாகக் கீழே கிடந்தது.

நெய் சுத்தமில்லை என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் "பன்றிக் கொழுப்பு இருந்தது", "மாட்டுக் கொழுப்பு இருந்தது" என்று இதிலிருந்து சொல்வது எண் தாங்காத பாரம். பாமாயிலும் மாட்டுக் கொழுப்பும் ஒரே சமன்பாட்டில் இருக்கின்றன. அந்த விடை பிசகினால் எது காரணம் என்று எண் சொல்லாது. பன்றிக் கொழுப்புக்கான விடை வரம்பைத் தாண்டுவதும் அப்படியே. வேறு எண்ணெய்கள் பெருமளவில் கலந்து டிரைகிளிசரைடு அமைப்பு முழுதும் குலைந்திருந்தால், எல்லாச் சமன்பாடுகளும் ஒருசேரத் தடம் புரளும். பன்றிக் கொழுப்பு என்று ஒரு வரிக்குத் தலைப்பு இருப்பதால், அந்த வரி பிசகினால் பன்றிக் கொழுப்பு இருக்கிறது என்று ஆகாது.

அந்த முறைக்கே உரிய விதிவிலக்குகளும் உண்டு. தாவர எண்ணெய் அதிகம் கலந்த தீவனம் தின்ற பசு, சீம்பால், ஒற்றைப் பசுவின் பால் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. பசு அல்லாத விலங்கின் பாலுக்கும் பொருந்தாது. எருமைப் பால் தாராளமாகக் கலக்கும் நம் நாட்டில் இந்தக் கடைசி விலக்கு சிறிய விஷயமல்ல. தவறான விடை வரக்கூடிய சூழல்களைத் திருப்பதி அறிக்கையே இணைப்பில் பட்டியலிட்டிருந்தது. மேடைகளில் அந்தப் பகுதி அதிகம் வாசிக்கப்படவில்லை.

2024 அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையினர், ஆந்திரக் காவல்துறையினர், உணவுப் பாதுகாப்பு ஆணைய அதிகாரி ஒருவர் அடங்கிய தனிக் குழுவை அமைத்தது. அந்தக் குழு பின்னர் நீதிமன்றத்தில் வைத்த குற்றச்சாட்டு வேறொரு சித்திரத்தைத் தருகிறது. உத்தராகண்டில் உள்ள ஓர் ஆலை பாலோ வெண்ணெயோ வாங்காமலேயே, பாமாயில், பாம் கர்னல் எண்ணெய், சில ரசாயனங்கள் ஆகியவற்றைக் கொண்டு நெய் என்ற பெயரில் பொருள் செய்தது என்றும், 2019 முதல் 2024 வரை சுமார் 68 லட்சம் கிலோ, ஏறத்தாழ 250 கோடி ரூபாய்க்கு, வேறு நிறுவனங்கள் வழியாகவும் திருமலைக்குப் போனது என்றும் குழு சொல்கிறது. அந்த ரசாயனங்களில் அசெட்டிக் அமில எஸ்டரும் ஒன்று. ஆர்.எம். எண்ணைத் தூக்கும் வித்தையை மேலே பார்த்தோம். குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு. ஆனால் இந்தக் குற்றச்சாட்டின் மையம் எந்த வாலை வடிப்பிலும் கிடைத்ததல்ல. கொள்முதல் கணக்கில் கிடைத்தது.

அந்தக் கணக்கை விலையிலேயே தொடங்கியிருக்கலாம். வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆகவே ஒரு கிலோ நெய்க்குக் குறைந்தது 1.2 கிலோ வெண்ணெய் வேண்டும். திண்டுக்கல் நிறுவனம் ஒப்பந்தத்தில் கேட்ட விலை கிலோவுக்கு ஏறத்தாழ 320 ரூபாய். அந்த விலைக்குக் கட்டுப்படியாக வேண்டுமென்றால், உருக்கும் செலவு, லாரி வாடகை, லாபம் எதையும் சேர்க்காமலேயே வெண்ணெய் கிலோ 266 ரூபாய்க்குக் கிடைத்திருக்க வேண்டும். வெண்ணெய் அந்த விலைக்குக் கிடைக்காத சந்தையில் நெய் மட்டும் 320க்குக் கிடைக்கிறது என்றால், அங்கேயே கேள்வி எழுந்திருக்க வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். வீட்டுச் சோதனைகள் நெய்யின் தூய்மை பற்றி எந்தத் திசையிலும் முடிவு சொல்லும் தகுதியற்றவை. அவற்றைப் பார்த்து நல்ல நெய்யைக் கொட்டவும் வேண்டாம், கெட்ட நெய்யை நம்பவும் வேண்டாம். ஆர்.எம். எண் ஒன்றை மட்டும் வைத்துத் தரும் ஆய்வகச் சான்றும் போதாது. ஆர்.எம்., பி.ஆர்., பொலன்ஸ்கி, பொடுவான் ஆகிய நான்கும், அவற்றோடு கொழுப்பு அமில அமைப்பும் பீட்டா சிட்டோஸ்டீராலும் சேர்ந்து பொருந்தினால், தாவரக் கலப்பு குறித்து ஆய்வகத்தை நம்பலாம். விலங்குக் கொழுப்பு குறித்து எஸ் எண் தருவது வலுவான சந்தேகம். கொழுப்பின் பெயரைச் சொல்ல அது மட்டும் போதாது. சில சதவீதத்துக்குக் கீழே கலந்ததை எந்த முறையும் உறுதியாகப் பிடிப்பதில்லை. அந்த இடைவெளியை அடைக்க, ஆலை எத்தனை லிட்டர் பால், எத்தனை கிலோ வெண்ணெய் வாங்கி எத்தனை கிலோ நெய் விற்றது என்ற கணக்கைத் தணிக்கை செய்வது ஒன்றே வழி. டன் கணக்கில் வாங்கும் கோயில்களும் விடுதிகளும் இந்தக் கணக்கை ஒப்பந்த நிபந்தனையாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

அரைக் கிலோ வாங்கும் வீட்டாருக்கும் வழி இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 40ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கும் உரிமையை வாங்குபவருக்குத் தந்திருக்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சந்தேகம் வந்தால் முத்திரை உடைக்காத பாக்கெட்டும் ரசீதுமாக மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போங்கள். உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பதைவிட அந்த ரசீதுக்கு வலிமை அதிகம்.